430-இல் விற்பதா, 436 வரை காத்திருப்பதா?

ஒரே ஷேரை, ஒரே நாளில், ஒரே விலையில் இரண்டு பேர் வாங்குகிறார்கள். விலை 412 ரூபாய். இருவரும் 400 ரூபாயில் ஸ்டாப் லாஸ் போடுகிறார்கள். அதற்குக் கீழே போனால் கணிப்பு தவறு, விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்துதான். லாபத்தை எங்கே எடுப்பது என்பதில்தான் பிரிகிறார்கள். முதலாமவர் சார்ட்டைப் பார்க்கிறார். மூன்று வாரத்துக்கு முன் இந்த ஷேர் 430 வரை ஏறி, அங்கிருந்து இறங்கியிருக்கிறது. டிரேடர்கள் இதை ஸ்விங் ஹை என்பார்கள். “போன தடவை அங்கேதான் திரும்பியது, இப்போதும் அங்கேயே திணறும்” என்று 430-ஐ டார்கெட்டாக வைக்கிறார். இரண்டாமவர் பழைய உச்சத்தைக் கண்டுகொள்வதே இல்லை. “போனால் 12 ரூபாய், வந்தால் 24 ரூபாய்” என்று கணக்குப் போட்டு 436-இல் விற்கும் ஆர்டரைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிறார்.

இருவரும் இதே அளவுகளில் நூறு டிரேட் செய்ததாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் 42 முறை ஜெயிக்கிறார். இரண்டாமவர் 35 முறைதான். யார் கெட்டிக்காரர்? கூட்டிக் கழித்துப் பாருங்கள். முதலாமவருக்கு 42 முறை 18 ரூபாய், அதாவது 756 ரூபாய் வரவு. 58 முறை 12 ரூபாய், அதாவது 696 ரூபாய் செலவு. மிச்சம் 60. இரண்டாமவருக்கு 35 முறை 24 ரூபாய், 840. 65 முறை 12 ரூபாய், 780. மிச்சம் அதே 60.

ஏழு சதவீத வித்தியாசம் திறமையால் வந்ததல்ல. டார்கெட்டை ஆறு ரூபாய் தள்ளி வைத்ததால் வந்தது. வெற்றி விகிதத்தை மட்டும் சொல்லிப் பெருமைப்படுபவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, “எவ்வளவு தூரத்தில் டார்கெட்?” என்பதுதான்.

இந்தத் தூரத்தை ரூபாயில் சொல்லாமல், பணயம் வைத்த தொகையின் மடங்காகச் சொல்வது வழக்கம். அமெரிக்காவில் டிரேடர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த வான் தார்ப் இதைப் பரப்பினார். வாங்கிய விலைக்கும் ஸ்டாப் லாஸுக்கும் உள்ள இடைவெளி ஒரு ‘ஆர்’. நம் உதாரணத்தில் ஒரு ஆர் என்பது 12 ரூபாய். அப்படியானால் 430 என்பது 1.5 ஆர், 436 என்பது 2 ஆர். “ஒன்றுக்கு இரண்டு” என்று யூடியூபில் காது புளிக்கக் கேட்கிறோமே, அது இந்த 2 ஆர்தான்.

இனி ஒரு பழைய கணக்கு. ஷேர் எந்தப் பக்கமும் சாயாமல் மேலும் கீழும் தள்ளாடிக்கொண்டிருக்கிறது, நம்மிடம் எந்தத் தனித் திறமையும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 400-ஐ முதலில் தொடுமா, 430-ஐ முதலில் தொடுமா? அருகில் இருப்பதைத்தான் அடிக்கடி தொடும். எத்தனை முறை என்பதும் தூரத்தை வைத்தே வந்துவிடும். கீழே 12, மேலே 18, மொத்தம் 30. மேலே உள்ளதை முதலில் தொடும் வாய்ப்பு 30-க்கு 12, அதாவது 40 சதவீதம். 436 என்றால் 36-க்கு 12, அதாவது 33 சதவீதத்துக்குச் சற்று மேல். டச்சுக் கணித அறிஞர் ஹைகன்ஸ் 1657-இல் சூதாட்டத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் இந்த வகைக் கணக்கு இருக்கிறது. காசைச் சுண்டிப் போட்டு ஷேர் வாங்குபவருக்கும் 1.5 ஆர் டார்கெட்டில் 40 சதவீத வெற்றி கிடைக்கும். லாபமும் வராது, நஷ்டமும் வராது. நம் முதலாமவரின் 42-இல் 40 சும்மா வந்தது. அவர் சம்பாதித்தது மீதி இரண்டுதான்.

அந்த இரண்டிலும் அரசும் புரோக்கரும் பங்கு கேட்பார்கள். டெலிவரி எடுத்து விற்றால் வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி. அதன்மேல் முத்திரைத் தீர்வை, இதர கட்டணங்கள். 412 ரூபாய் ஷேருக்குப் போய்வர ஏறத்தாழ ஒரு ரூபாய் என்று வையுங்கள். ஜெயித்தால் 18-க்குப் பதில் 17, தோற்றால் 12-க்குப் பதில் 13. இப்போது கையைக் கடிக்காமல் இருக்கவே 43 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க வேண்டும். 42 சதவீதக்காரர் நஷ்டத்துக்குப் போய்விட்டார். 2 ஆர் வைத்தவருக்குத் தேவை 36 சதவீதத்துக்குச் சற்று மேல், அவரிடம் இருப்பது 35. அவரும் தப்பவில்லை. செலவைக் கழிக்காத வெற்றி விகிதம் இப்படித்தான் ஏமாற்றும்.

பணம் ஒன்றாக இருந்தாலும் பயணம் ஒன்றாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 42 சதவீதம் ஜெயிப்பவர் அடுத்த ஆறு டிரேடிலும் வரிசையாகத் தோற்கும் வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. 35 சதவீதக்காரருக்கு அது ஏழு, எட்டு. ஆறு முறை அடி வாங்கியவர் ஏழாவது டிரேடை எடுக்காமல் விடுவார், அந்த ஏழாவது டார்கெட்டைத் தொட்டுவிடும். பழைய உச்சத்தில் விற்பதைப் பலர் விரும்புவதற்குச் சார்ட்டைவிட இந்த மனநிலைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் தப்பொன்றும் இல்லை, தெரிந்து செய்தால்.

இதுவரை எல்லா டிரேடிலும் பழைய உச்சம் 1.5 ஆர் தூரத்திலேயே இருந்ததாகச் சொல்லிவந்தேன். நிஜத்தில் அப்படி அமையாது. ஒரு ஷேரில் உச்சம் 1 ஆர் தூரத்தில் இருக்கும், இன்னொன்றில் 3 ஆர். நிலையான மடங்கு வைப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவருடைய எல்லா டிரேடும் ஒரே அச்சில் வார்த்தவை, வெற்றி விகிதம் என்ற ஒற்றை எண்ணுக்கு அங்கே பொருள் உண்டு. உச்சத்தில் விற்பவருக்கு அந்த எண் ஒரு கலவை. கலவையை வைத்துக் கணக்குப் போடுவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

80 டிரேட் எடுத்துக்கொள்வோம். 40-இல் உச்சம் 1 ஆர் தூரத்தில், 40-இல் 3 ஆர் தூரத்தில். இங்கும் திறமை எதுவும் இல்லை, காசைச் சுண்டிப் போடும் ஆள்தான். அருகில் இருக்கும் டார்கெட்டுகளில் பாதி, அதாவது 20 வெற்றி. தொலைவில் இருப்பவற்றில் கால்வாசி, அதாவது 10 வெற்றி. ஆக 80-க்கு 30 வெற்றி, 37.5 சதவீதம். இவர் தன் நோட்டைப் புரட்டுகிறார். “என் டார்கெட்டுகளின் சராசரி 2 ஆர். 30 முறை ஜெயித்தேன், 60 ஆர் வந்திருக்கும். 50 முறை தோற்றேன், 50 ஆர் போனது. 10 ஆர் லாபம்” என்கிறார். டீமேட் கணக்கிலோ ஒரு பைசா கூடவில்லை.

எங்கே போனது அந்த 10 ஆர்? ஜெயித்த 30-இல் 20 வெற்றிகள் சின்னவை, தலா 1 ஆர். பெரியவை பத்துதான், தலா 3 ஆர். உண்மையில் வந்தது 20-உம் 30-உம் சேர்ந்து 50 ஆர். தோல்வியில் போனதும் 50. டார்கெட் அருகில் இருந்தால் அடிக்கடி ஜெயிக்கும், தொலைவில் இருந்தால் அபூர்வமாக ஜெயிக்கும். அதனால் வெற்றிப் பட்டியலில் சின்ன டார்கெட்டுகளே நிறைந்திருக்கும். திட்டமிட்ட டார்கெட்டுகளின் சராசரியை வெற்றி விகிதத்தோடு பெருக்கினால் இல்லாத லாபம் தெரியும். உச்சத்தில் விற்பவர் பெருக்க வேண்டியது, ஜெயித்த டிரேடுகளில் மட்டும் கைக்கு வந்த சராசரியை. இங்கே அது 2 அல்ல, 1.67. மாதக் கடைசியில் எக்செல் ஷீட் லாபம் காட்டி, வங்கிக் கணக்கு காட்டாமல் இருந்தால் முதலில் தேட வேண்டிய இடம் இது.

இன்னொரு ஓட்டை ஸ்டாப் லாஸில் இருக்கிறது. உச்சம் 430 என்பது மாறாது. 1.5 ஆர் போதவில்லை, “ஒன்றுக்கு மூன்று” இருந்தால்தான் எடுப்பேன் என்பவர் என்ன செய்வார்? ஸ்டாப்பை 400-இலிருந்து 406-க்குத் தூக்கிவிடுவார். பணயம் 6 ரூபாய், லாபம் அதே 18, இதோ 3 ஆர். காகிதத்தில் டிரேட் இரு மடங்கு அழகாகிவிட்டது. ஆனால் சும்மா கிடைக்கும் வெற்றி விகிதம் 40-இலிருந்து 25-க்கு இறங்கிவிட்டது. தினசரி ஏழெட்டு ரூபாய் ஆடும் ஷேரில் 6 ரூபாய் ஸ்டாப் என்பது சாதாரண ஆட்டத்திலேயே அடிபடும். நிலையான 2 ஆர் வைத்தவர் இதே காரியத்தைச் செய்தால் அவருடைய டார்கெட்டும் 424-க்கு இறங்கிவரும், சும்மா கிடைக்கும் விகிதம் 33-இலேயே நிற்கும். அவருக்கு அடி வேறு வழியில் விழும். போய்வரச் செலவு அதே ஒரு ரூபாய், ஆனால் இப்போது அது பணயத்தில் ஆறில் ஒரு பங்கு. கையைக் கடிக்காத விகிதம் ஏறத்தாழ 39 சதவீதத்துக்கு ஏறிவிடும். ஸ்டாப்பை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு உச்சம் எத்தனை ஆர் தூரம் என்று அளக்க வேண்டும். தூரம் போதவில்லை என்றால் அந்த டிரேடை விட்டுவிடலாம், ஸ்டாப்பைத் தொடக் கூடாது.

சரி, 430-இல் உண்மையாகவே சுவர் இருக்கிறதா? இருக்கிறது என்பவர்களின் வாதம் இது. மூன்று வாரத்துக்கு முன் 428, 429-இல் வாங்கியவர்கள் விலை இறங்கியதும் மாட்டிக்கொண்டார்கள். அசல் வந்தால் போதும் என்று காத்திருக்கிறார்கள். விலை அங்கே திரும்பி வந்ததும் விற்பார்கள். நஷ்டத்தில் இருக்கும் ஷேரை விற்க மனம் வராமல், லாபம் வந்ததை மட்டும் சட்டென்று விற்கும் பழக்கம் சிறு முதலீட்டாளர்களிடம் உண்டு என்பதை அமெரிக்கப் புரோக்கர் நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை வைத்து டெரன்ஸ் ஓடீன் 1998-இல் காட்டினார். நாணயச் சந்தையில் கரோல் ஓஸ்லர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, லாபம் எடுக்கும் ஆர்டர்கள் முழு எண்களில் குவிவதையும், ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் அவற்றைத் தாண்டிய உடனே குவிவதையும் கண்டது. பழைய உச்சத்தைப் பற்றி அது நேரடியாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் பார்க்கும் எண்ணில் ஆர்டர்கள் குவியும், விலை அங்கே திரும்பக்கூடும், தாண்டினால் வேகம் பிடிக்கக்கூடும் என்பது அதிலிருந்து புரியும். 430-ஐக் குறி வைப்பவர் ஆர்டரை 430-இல் போடாமல் 429.20-இல் போடுவது இதனால்தான். சந்தையில் அதே விலைக்கு முன்னால் வந்த ஆர்டர்தான் முதலில் நிறைவேறும். விலை 430-ஐத் தொட்டுத் திரும்பியும் உங்கள் ஷேர் விற்காமல் கிடக்கலாம். எண்பது காசை விட்டுக்கொடுத்தால் சில டிரேடுகள் தோல்விப் பட்டியலிலிருந்து வெற்றிப் பட்டியலுக்கு வரும்.

எதிர் வாதத்துக்கும் வலு உண்டு. தாமஸ் ஜார்ஜும் சுவான்-யாங் ஹ்வாங்கும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 52 வார உச்சத்துக்கு அருகில் இருக்கும் அமெரிக்கப் பங்குகள் அடுத்து வந்த மாதங்களில் மற்றவற்றைவிட நன்றாக ஏறின. எல்லா உச்சமும் சுவர் அல்ல, சில உச்சங்கள் வாசல். எது எது என்பது நீங்கள் எப்படி உள்ளே வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. விலை இறங்கி, தாங்கு நிலையில் நின்று திரும்பும்போது வாங்கினால் முந்தைய உச்சம் உங்கள் வழியின் நடுவில் நிற்கும். அங்கே அதை டார்கெட்டாக வைப்பதில் அர்த்தம் உண்டு. உச்சத்தை உடைத்துக்கொண்டு போகும்போது வாங்கினால், அதாவது பிரேக் அவுட் என்றால், மேலே வேறு உச்சமே இல்லாமல் போகலாம். வரலாறு காணாத விலையில் இருக்கும் ஷேருக்குப் பழைய உச்சத்தைத் தேடுவது வீண் வேலை. அங்கே நிலையான மடங்குதான் கைகொடுக்கும். ஒரே ஆள் இரண்டு வகையிலும் வாங்குவார் என்றால் இரண்டு வகைக்கும் தனித்தனி வெற்றி விகிதம் எழுதிவைப்பது நல்லது.

இரண்டில் எது உங்களுக்குச் சரிவரும் என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. முதலாமவரையும் இரண்டாமவரையும் மறுபடி பாருங்கள். ஷேர் 430-ஐத் தொடாமலே 400-க்கு இறங்கினால் இருவரும் தோற்பார்கள். 436-ஐத் தொட்டால் இருவரும் ஜெயிப்பார்கள். ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பது ஒரே சந்தர்ப்பத்தில்தான்: 430-ஐத் தொட்டு, 436-க்குப் போகாமல் 400-க்குத் திரும்பும்போது. அந்த ஒரு டிரேடில் காத்திருந்தவர் வரவேண்டிய 18-ஐ இழந்து, 12-உம் கொடுக்கிறார். மொத்தம் 30 ரூபாய் பின்தங்குகிறார். 436-ஐத் தொடும் ஒவ்வொரு டிரேடிலும் அவர் 6 ரூபாய் முந்துகிறார். ஆக, ஒரு முறை சறுக்கினால் அதை ஈடுகட்ட ஐந்து முறை 436-ஐத் தொட வேண்டும். 430-ஐ எட்டிய ஆறில் ஐந்து 436-க்குப் போனால் இரண்டு முறையும் சமம். அதற்கு மேல் போனால் காத்திருப்பது லாபம், குறைந்தால் உச்சத்திலேயே விற்றுவிடுவது லாபம். காசைச் சுண்டிப் போட்டாலும் இதே ஆறில் ஐந்துதான் வரும். எனவே 430 சுவரா இல்லையா என்ற கேள்விக்கு உங்கள் நோட்டிலேயே பதில் இருக்கிறது. எட்டிய பத்தில் ஏழு மட்டுமே தாண்டுகின்றன என்றால் சுவர் உண்மை. பத்தில் ஒன்பது தாண்டுகின்றன என்றால் நீங்கள் வாசலில் நின்று விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். மற்ற தூரங்களுக்கு ஆறில் ஐந்து என்பது மாறும். ஸ்டாப்பிலிருந்து அருகில் உள்ள டார்கெட் வரை உள்ள தூரத்தை, ஸ்டாப்பிலிருந்து தொலைவில் உள்ள டார்கெட் வரை உள்ள தூரத்தால் வகுத்தால் போதும்.

இதற்கு நோட்டில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். ஒவ்வொரு டிரேடிலும், நீங்கள் விற்ற பிறகும், ஸ்டாப்பைத் தொடும் முன் விலை அதிகபட்சம் எதுவரை போனது என்று குறித்துவையுங்கள். ஒரே நாளில் டார்கெட், ஸ்டாப் இரண்டையும் தொட்டிருந்தால் எது முதலில் என்று தினசரி சார்ட் சொல்லாது. அதைத் தோல்வியாகவே எழுதுங்கள். எந்த உச்சத்தைச் சொல்கிறீர்கள் என்பதையும் வாங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். இடப்பக்கம் இரண்டு நாள், வலப்பக்கம் இரண்டு நாள் ஆகிய நான்கையும்விட உயர்ந்து நிற்கும் நாளின் உச்சவிலை என்பது பலர் வைத்திருக்கும் வரையறை. வலப்பக்கம் இரண்டு நாள் முடிந்த பிறகுதான் அது உச்சம் என்றே தெரியும். பழைய சார்ட்டில் பரிசோதிப்பவர்கள் இதை மறந்து, அன்றைக்கே தெரிந்ததுபோல் டார்கெட் வைத்துவிடுவார்கள். விலை திரும்பிய இடத்தைப் பார்த்துவிட்டு, “இதோ, இங்கே ஒரு உச்சம் இருந்ததே” என்று தேடிப் பொருத்துவது அதைவிட மோசம். சார்ட்டில் 430 இருக்கும், 433 இருக்கும், 438-உம் இருக்கும். ஏதோ ஒன்று எப்போதும் பொருந்தும்.

எத்தனை டிரேட் குறித்தால் நம்பலாம்? 60 டிரேடில் 40 சதவீதம் வெற்றி வந்திருந்தால், உண்மையான விகிதம் 28-இலிருந்து 52-க்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். காசைச் சுண்டும் ஆளின் 33-உம் அதற்குள் அடக்கம். 400 டிரேடில் அதே 40 வந்தால் அந்த இடைவெளி 35-க்கும் 45-க்கும் நடுவே சுருங்கும். வாரத்துக்கு இரண்டு டிரேட் எடுப்பவருக்கு அது ஏறத்தாழ நான்கு வருட நோட்டு.